‘நிறையப் புகார் வருகிறது’: எழுத்தில் வராத புகாரை எதிர்கொள்வது

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியை. இந்தப் பள்ளியில் இது எனக்கு ஏழாவது ஆண்டு. தேர்வில் ஒரு மாணவருக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடும்படி முதல்வர் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். அதிலிருந்து நான்கு மாதங்களாக, ‘உங்களைப் பற்றி நிறையப் புகார் வருகிறது’ என்று ஆசிரியர் கூட்டத்திலேயே சொல்கிறார். யார் புகார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பாடம் நடக்கும்போது வகுப்பறைக்குள் வந்து, மாணவர்கள் முன்னிலையில் என்னைத் திருத்துகிறார். பெற்றோர் சிலர் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைக் குறிப்பிட்டே எழுதுகிறார்கள். போன வாரம் தனியே அழைத்து, ‘நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் நல்லது’ என்றார். நடந்ததையெல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதி வருகிறேன். படித்துப் பார்த்தால் அதில் என் அழுகைதான் இருக்கிறது. ஒரு பக்கத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?
— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் ஒன்று. ராஜினாமாக் கடிதம் எதையும் இப்போது எழுத வேண்டாம். முதல்வர் அறையில் வைத்து நீட்டப்படும் எந்தத் தாளிலும் அங்கேயே கையொப்பமிடவும் வேண்டாம். ‘வீட்டில் படித்துப் பார்த்து நாளை பதில் தருகிறேன், எனக்கு ஒரு நகல் கொடுங்கள்’ என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆசிரியர் பணிப் புகார்களை விசாரிக்கும் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். மனம் உடைந்த ஒரு மாலையில் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து நியாயம் கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று எங்களுக்குத் தோன்றிய போதும், அவர்களுடைய கையெழுத்தே அவர்களுக்கு எதிராக மேசை மேல் கிடந்தது.

உங்கள் முதல்வர் இதுவரை செய்தவற்றில் ஒன்றுகூடத் தாளில் இல்லை. மதிப்பெண்ணைக் கூட்டச் சொன்னதும், புகார் வருகிறது என்றதும், ராஜினாமா பற்றிச் சொன்னதும் எல்லாம் வாய்ப்பேச்சு. அவருடைய பலம் அதில்தான் இருக்கிறது. வாயால் மட்டும் சொல்லப்பட்ட புகாரை மறுக்கவும் முடியாது, விசாரிக்கவும் முடியாது. அது காற்றில் தொங்கிக்கொண்டு ஆளை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை பலவாகத் தோன்றினாலும் அடிப்படையில் அவை ஒரே வேலைதான். வாயால் நடப்பதை ஒவ்வொன்றாக, மரியாதையோடு, எழுத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

அதற்கு முன், இது கொடுமைப்படுத்தலா அல்லது கண்டிப்பான நிர்வாகமா என்ற கேள்வியை நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் விசாரிப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வகுப்பைப் பார்வையிடவும், குறை சொல்லவும், பெற்றோரின் புகாரை உங்களிடம் தெரிவிக்கவும் முதல்வருக்கு அதிகாரம் இருக்கிறது. அவர் கடுமையான குரலில் பேசினார் என்பது மட்டும் கொடுமை ஆகிவிடாது. நியாயமான கண்டிப்பில் குறை இன்னதென்று குறிப்பாகச் சொல்லப்படும். அதே அளவுகோல் மற்ற ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பதில் சொல்ல வாய்ப்பும் திருத்திக்கொள்ள நேரமும் கிடைக்கும். பேச்சு தனியிடத்தில் நடக்கும். இவற்றில் எதுவும் இல்லாமல், பெயரில்லாத புகாரும் ஊரறிந்த அவமானமும் வேலையை விட்டுப் போகும்படியான சாடையும் ஒன்றையடுத்து ஒன்றாக வருமானால், அது நிர்வாகம் அல்ல.

பணியிடக் கொடுமையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான சுவீடன் நாட்டு உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், வாரத்துக்கு ஒருமுறையேனும், குறைந்தது 6 மாதம் நீடித்தால் அதைக் கொடுமைப்படுத்தல் என்று கணக்கிட்டார். அது ஆய்வுக்காக அவர் வகுத்துக்கொண்ட அளவு. அதை யாராவது எடுத்துக்காட்டி, ‘இன்னும் ஆறு மாதம் ஆகவில்லையே’ என்று சொன்னால் நீங்கள் தளர வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் எண் உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் திரும்பத் திரும்ப நடந்தாலும், உடலுக்கோ மனத்துக்கோ பொருளாதாரத்துக்கோ தீங்கு விளைக்கக்கூடிய நடத்தையைப் பணியிடத் துன்புறுத்தல் என்றே கொள்கிறது.

உங்களுக்கு அதைவிட நேரடியாக உதவக்கூடிய ஆவணம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து உருவாக்க, 1966ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பாரிஸில் ஏற்கப்பட்ட ‘ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை’ அது. உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5ஆம் நாளில் கொண்டாடப்படுவது அதன் நினைவாகத்தான். ஆசிரியரின் தொழில் சார்ந்த பொறுப்பில் பெற்றோர் நியாயமின்றித் தலையிடுவதிலிருந்து ஆசிரியருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அதன் 67ஆம் பத்தி சொல்கிறது. 68ஆம் பத்தி இன்னும் தெளிவானது: புகார் உள்ள பெற்றோர் முதலில் முதல்வரிடமும் சம்பந்தப்பட்ட ஆசிரியரிடமும் அதைப் பேச வாய்ப்புத் தரப்பட வேண்டும், அதற்குப் பிறகு மேலிடத்துக்குப் போகும் புகார் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் நகல் ஆசிரியருக்குத் தரப்பட வேண்டும், ஆசிரியர் தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு வேண்டும், விசாரணை பகிரங்கப்படுத்தப்படக் கூடாது. இது பரிந்துரைதான். நீதிமன்றத்தில் சட்டம்போல் இதை நிலைநாட்ட முடியாது. ஆனாலும் புகாரின் நகலை நீங்கள் கேட்கும்போது, தனிப்பட்ட சலுகை எதையும் கேட்கவில்லை, உலகம் ஒப்புக்கொண்ட ஒரு முறையைத்தான் கேட்கிறீர்கள் என்பதை இது காட்டிவிடுகிறது. உங்கள் பள்ளியின் பணி விதிகளிலும் இதையொட்டிய ஒரு விதி இருக்கக்கூடும். அந்த விதிகளின் நகலை இந்த வாரமே தேடி எடுத்து, புகார், ஒழுங்கு நடவடிக்கை என்ற தலைப்புகளின் கீழ் உள்ள பக்கங்களைப் படித்துவிடுங்கள்.

இனி உங்கள் நாட்குறிப்புக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பக்கத்தில், ‘இன்றும் வந்து எல்லார் முன்னாலும் கேவலப்படுத்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த மனிதருக்கு மனசாட்சியே கிடையாது. இனி எப்படி அந்த வகுப்புக்குப் போவது?’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து நான் கலங்கினேன். ஆனால் விசாரணைக் குழுவில் உட்காருகிறவருக்கு அந்த நான்கு வரியிலிருந்து என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். என்ன நாள், என்ன நேரம், அவர் சொன்ன சொல் என்ன, யார் யார் இருந்தார்கள் என்பவை இல்லை. உங்கள் தீர்ப்பு இருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பது இல்லை.

அதே நாளை வேறு விதமாக எழுதலாம். விவரங்களை மாதிரிக்காக நான் இட்டிருக்கிறேன். உங்களுடையதை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்.

‘பிப்ரவரி 11, செவ்வாய். மூன்றாம் பாடவேளை, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. காலை 10.20 அளவில் முதல்வர் உள்ளே வந்தார். நான் கரும்பலகையில் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்திக் கொண்டிருந்தேன். “இப்படிச் சொன்னால் இவர்களுக்கு எப்படிப் புரியும்? உங்களுக்கே புரிந்திருக்கிறதா?” என்றார். சொற்கள் இவையே என்று உறுதியாகச் சொல்ல முடியும். மாணவர் சிலர் சிரித்தனர். நான் பதில் சொல்லவில்லை. ஏறக்குறைய 5 நிமிடம் நின்றுவிட்டுச் சென்றார். பார்வைக் குறிப்பு எதுவும் தரவில்லை. அடுத்த வகுப்புக்காக வாசலில் காத்திருந்த அறிவியல் ஆசிரியர் இதைக் கேட்டிருக்கலாம். நான் அவரிடம் கேட்கவில்லை. மதியம் தலைவலியால் விடுப்பு எடுத்தேன். எழுதியது: அன்று மாலை 5 மணி.’

இந்தக் குறிப்பில் முதல்வரைப் பற்றி ஒரு வசைச்சொல்கூட இல்லை. படிப்பவரே முடிவுக்கு வந்துவிடுவார். இரண்டு இடங்களைக் குறிப்பாகக் கவனியுங்கள். ‘சொற்கள் இவையே என்று உறுதி’ என்ற வரி ஒன்று. சொற்கள் சரியாக நினைவில்லாத நாளில் மேற்கோள் குறியை விட்டுவிட்டு, ‘இந்தப் பொருள்படச் சொன்னார்’ என்றே எழுதுங்கள். எல்லாம் துல்லியமாக நினைவிருப்பதாகச் சொல்கிறவரைவிட, தம் நினைவின் எல்லையைத் தாமே குறித்துக்கொள்கிறவரை விசாரிப்பவர் அதிகம் நம்புவார். ‘கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை’ என்பது மற்றொன்று. சக ஆசிரியரைச் சாட்சி சொல்ல இப்போதே வற்புறுத்தினால் அவர் பயந்து விலகுவார், செய்தியும் முதல்வரை எட்டும். அவர் அங்கே இருந்தார் என்பதைக் குறித்து வைத்தால் போதும். பின்னாளில் முறையான விசாரணை நடந்தால், அவரை அழைத்துக் கேட்பது குழுவின் வேலை.

பழைய நாட்குறிப்பைக் கிழித்துப் போட வேண்டாம். அதைப் பார்த்துத் திருத்தி எழுதிவிட்டுப் பழைய தேதியையும் போட வேண்டாம். நல்லெண்ணத்தோடு பலர் செய்யும் இந்தத் தவறு எல்லாவற்றையும் கெடுத்துவிடும், ஏனெனில் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதப்பட்ட நான்கு மாதக் குறிப்பைக் கண்டதும் எதிர்த் தரப்பு ‘இது உருவாக்கப்பட்டது’ என்று சொல்லும், அப்படிச் சொல்வதில் நியாயமும் இருக்கும். புதிய நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியிட்டு, ‘கடந்த நான்கு மாத நிகழ்வுகளை நாட்குறிப்பையும் நினைவையும் கொண்டு இன்று தொகுக்கிறேன்’ என்று எழுதி, அதன் கீழ் வரிசையாகத் தொகுத்துவிடுங்கள். அழுகை நிறைந்த அந்தப் பழைய பக்கங்களுக்கும் மதிப்பு உண்டு. நடந்த அன்றே எழுதப்பட்டவை அவை. அந்த நாளில் உங்கள் மனநிலை என்ன என்பதற்கு அவையே சான்று. நோட்டு தைத்ததாகவும் பக்க எண் இட்டதாகவும் இருக்கட்டும், வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளிக் கணினியிலும் பள்ளி மின்னஞ்சலிலும் இவற்றை வைக்க வேண்டாம்; ஒரு நாள் காலையில் கடவுச்சொல் மாறியிருந்தால் எல்லாம் போய்விடும். மாணவர்களின் மதிப்பெண் பட்டியலையும் விடைத்தாளையும் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அது உங்கள் மேல் ஒரு நியாயமான குற்றச்சாட்டை நீங்களே உண்டாக்கித் தருவதாக ஆகும். எந்த ஆவணம், எந்தத் தேதியிட்டது, எந்த அலமாரியில் இருக்கிறது என்று குறித்து வைத்தால், விசாரணையில் அதை வரவழைக்கலாம்.

நோட்டு உங்கள் பக்கத்து நினைவு மட்டுமே. முதல்வரையும் எழுத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால், ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் அன்றைக்கோ மறுநாளோ அவருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் போக வேண்டும். எடுத்துக்காட்டாக: ‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, இன்றைய ஆசிரியர் கூட்டத்தில் என் கற்பித்தல் பற்றிப் பெற்றோரிடமிருந்து புகார்கள் வந்திருப்பதாகத் தெரிவித்தீர்கள். அவற்றைத் தெரிந்துகொண்டு, திருத்த வேண்டியது இருந்தால் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். புகார்களின் நகலையும், நகல் தர இயலாவிடில் அவற்றின் தேதியையும் சாரத்தையும் தந்து உதவ வேண்டுகிறேன். நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டவும்.’ இவ்வளவு போதும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவர் மறுத்து எழுதினால் அவருடைய நிலைப்பாடு எழுத்தில் வந்துவிடுகிறது. எழுதாமல் விட்டால், உடனடியாக அனுப்பப்பட்டு மறுக்கப்படாத ஒரு பதிவு உங்களிடம் இருக்கிறது. மௌனம் ஒப்புதல் ஆகிவிடாது. ஆனாலும் புகார்கள் உண்மையில் இருந்திருந்தால் நகல் கேட்டவருக்கு ஏன் தரவில்லை என்ற கேள்விக்கு அவர் ஒருநாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் வராவிட்டால் ஏழு நாள் விட்டு, முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். தினம் ஒரு கடிதம் அனுப்பினால் நிர்வாகத்தைத் தொந்தரவு செய்பவர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும். மின்னஞ்சல் வழக்கம் இல்லாத பள்ளியானால் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். அலுவலகத்தில் கையொப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வகுப்பறைக்குள் அவர் வருவதற்கும் இதே வழிதான். ‘இன்று மூன்றாம் பாடவேளையில் தாங்கள் வகுப்பைப் பார்வையிட்டீர்கள், தங்கள் கருத்துகளை எழுத்தில் தந்தால் என் பாடத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வேன், மாணவர் முன்னிலையில் அல்லாமல் பிறகு தனியே சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்’ என்று எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு அவர் எத்தனை முறை போனார் என்பது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தால் மட்டும் நோட்டில் குறியுங்கள். ஓய்வறையில் கேட்டதை வைத்து எழுத வேண்டாம்.

எல்லாம் தொடங்கிய அந்த மதிப்பெண் விவகாரம்தான் உங்கள் வழக்கின் உயிர். ஏழாம் ஆண்டில் இருக்கிறீர்கள். முதல் ஆறு ஆண்டுகளில் உங்களுக்குக் கிடைத்த பணி மதிப்பீடுகள், பாராட்டுக் கடிதங்கள், ஊதிய உயர்வு ஆணைகள் ஆகியவற்றில் உங்களுக்கென்று கொடுக்கப்பட்ட பிரதிகளைத் தேடித் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஆறு ஆண்டு ஒரு குறையும் சொல்லப்படாதவர் மேல், மதிப்பெண்ணைக் கூட்ட மறுத்த வாரத்திலிருந்து குறைகள் குவியத் தொடங்கின என்பதை ஒரே பக்கத்தில் தேதிகளாக எழுதிக் காட்டினால் போதும். ‘பழிவாங்குகிறார்’ என்ற சொல்லை நீங்கள் எழுதத் தேவையிருக்காது. அதேவேளை, அந்த மாணவருக்கு ஒரு நேர்மையான வழியையும் நீங்களே திறந்து வையுங்கள். ‘விடைத்தாளை வேறொரு கணித ஆசிரியர் மதிப்பீட்டுக் குறிப்பின்படி மறுமதிப்பீடு செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மதிப்பெண்ணை மாற்ற வேண்டுமென்றால் காரணத்துடன் எழுத்தில் ஆணை தரவும்’ என்று எழுதுங்கள். கூட்டலில் பிழை இருந்தால் அது திருத்தப்படட்டும். பிழை இல்லையென்றால், எழுத்தில் ஆணையிட யாரும் முன்வருவது அரிது.

பெற்றோரைப் பற்றிச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே நுழைந்து ஒரு வரிகூடப் பதில் எழுத வேண்டாம். நீங்கள் எழுதுவது பத்து நிமிடத்தில் வேறொரு வாசகமாகி வேறொரு குழுவுக்குப் போகும். உங்களுக்கு வந்து சேரும் செய்திகளை மட்டும் பாதுகாத்து வையுங்கள். திரையைப் படம் பிடிக்கும்போது அனுப்பியவரின் பெயரும் தேதியும் நேரமும், முன்னும் பின்னும் உள்ள செய்திகளும் தெரியும்படி எடுங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்த படத்துக்கு மதிப்புக் குறைவு. அதை உங்களுக்குக் கொடுத்தவர் யார், என்றைக்குக் கொடுத்தார் என்பதையும் நோட்டில் குறியுங்கள். மாணவர்களைக் கொண்டு செய்தி திரட்ட வேண்டாம், அவர்களாகவே கொண்டுவந்து காட்டினாலும் ஊக்குவிக்க வேண்டாம். பெரியவர்களின் சண்டைக்குள் ஒரு பிள்ளையை இழுத்ததாக அது முடியும்.

அந்தச் செய்திகளைத் தரம் பிரித்துப் பாருங்கள். ‘வீட்டுப்பாடம் அதிகம்’, ‘என் மகனுக்குக் காரணிப்படுத்தல் புரியவில்லை’ என்பவை எவ்வளவு கோபமாக எழுதப்பட்டிருந்தாலும் கருத்துகள்தாம். அவற்றில் உண்மை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதைத் திருத்தி, திருத்திய நாளையும் குறித்து வையுங்கள். ‘இவர் காசு வாங்கிக்கொண்டு மதிப்பெண் போடுகிறார்’ என்பது போன்ற பொய்யான குற்றச்சாட்டு அடுத்த வகை. அதைப் பள்ளி நிர்வாகத்தின் பார்வைக்கு எழுத்தில் கொண்டுபோய், குழுவில் திருத்தம் வெளியிடக் கோர வேண்டும். மிரட்டலோ, பின்தொடர்தலோ, உங்கள் வீட்டு முகவரியைப் பரப்புவதோ மூன்றாவது வகை. அங்கே நோட்டும் மின்னஞ்சலும் போதாது. அன்றே காவல்துறையிடம் போக வேண்டும்.

குழுவில் ஐந்து பேர் எழுதுகிறார்கள் என்றால் ஐவரும் உங்கள் பகைவர்கள் அல்லர். பெரும்பாலும் ஒருவர் தொடங்கியிருப்பார், இரண்டு பேர் தம் பிள்ளையைப் பற்றிய உண்மையான கவலையில் எழுதியிருப்பார்கள், மற்றவர்கள் கூடவே குரல் கொடுத்திருப்பார்கள். கவலையில் எழுதிய அந்த இருவரையும் பள்ளியின் வழியாக, தனித்தனியே, பள்ளி நேரத்தில் சந்திப்புக்கு அழையுங்கள். தனியாக உட்கார வேண்டாம். துறைத் தலைவரோ மூத்த ஆசிரியரோ உடன் இருக்கட்டும். பேச்சு அந்தப் பிள்ளையின் விடைத்தாளையும் வீட்டுப்பாட நோட்டையும் சுற்றியே நடக்கட்டும். மற்ற பிள்ளைகளைப் பற்றியோ முதல்வரைப் பற்றியோ ஒரு சொல்லும் வர வேண்டாம். முடிந்ததும், பேசியது என்ன, யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்று நான்கைந்து வரி எழுதிப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் அனுப்புங்கள். சந்திப்பில் பெற்றோர் கத்தத் தொடங்கினால், ‘இன்று இதைத் தொடர வேண்டாம், வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்’ என்று எழுந்துகொள்ளலாம். இதில் கோழைத்தனம் ஏதும் இல்லை.

பேச்சை ரகசியமாக ஒலிப்பதிவு செய்யலாமா என்று அநேகமாக எல்லாரும் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். உரையாடலில் பங்கேற்கும் ஒருவர் பதிவு செய்வதைச் சில நாட்டுச் சட்டங்கள் அனுமதிக்கின்றன, சில குற்றமாக்குகின்றன. சட்டம் அனுமதித்தாலும் பள்ளி விதி அதை ஒழுங்கு மீறலாகக் கருதலாம். ஒரு வழக்கறிஞரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். வகுப்பறைக்குள் எக்காரணம் கொண்டும் வேண்டாம், அதில் பிள்ளைகளின் குரல் இருக்கும்.

மேலிடத்துக்கு எப்போது போவது? புகாரின் நகல் கேட்டு இரண்டு கடிதம் அனுப்பியும் பதில் இல்லாமல், பொதுவெளி அவமானமும் தொடர்ந்தால் அதுவே நேரம். அதற்கு முன்பே உங்கள் ஆசிரியர் சங்கத்தையோ ஒரு வழக்கறிஞரையோ சந்தித்து, புகார் கொடுக்கக் காலவரம்பு ஏதும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்த சிலர் அந்தத் தேதியைத் தவறவிட்டதைக் கண்டிருக்கிறேன். நிர்வாகக் குழுவுக்கு எழுதும் புகார் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒருமுறை எங்கள் குழுவுக்கு ஓர் ஆசிரியர் முப்பது பக்கத்துக்கு மேல் எழுதிக் கொடுத்தார். முதல்வரின் குடும்பம், சாதி, பழைய பள்ளியில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டது எல்லாம் அதில் இருந்தன. அவருக்கு நடந்த உண்மையான அநீதி பதினேழாம் பக்கத்தில் ஒரு பத்தியாகப் புதைந்திருந்தது. குழுவில் இருவர் அதுவரை படிக்கவே இல்லை. நீங்கள் மிக வலுவான ஐந்தாறு நிகழ்வுகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, நடந்தது, இருந்தவர்கள், உங்களிடம் உள்ள சான்று ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியில் நீங்கள் வேண்டுவது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: புகார்கள் இருந்தால் அவற்றின் நகல், பார்வையிடல் முறைப்படி, எழுத்துக் குறிப்போடு நடப்பது, கூட்டங்களில் பெயர் சொல்லிக் குறைகூறுவதை நிறுத்துவது, முதல்வரின் அதிகாரத்துக்கு உட்படாத ஒருவரைக் கொண்டு விசாரணை. ‘நியாயம் வேண்டும்’ என்று மட்டும் முடித்தால், என்ன ஆணை போடுவது என்று படிப்பவருக்குத் தெரியாது. அமைச்சர் முதல் பத்திரிகை வரை ஒரே நாளில் நகல் அனுப்பவும் வேண்டாம். உள்ளே தீர்க்க முயன்றீர்களா என்பதுதான் வெளியே எவரும் கேட்கும் முதல் கேள்வி.

நீங்கள் எழுதத் தொடங்கியதும் மறுபக்கத்திலிருந்தும் தாள் வரக்கூடும். விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தால் பயப்பட வேண்டாம். கேட்ட ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அதே எண்ணிட்டு, கொடுத்த கெடுவுக்குள், சுருக்கமாகப் பதில் எழுதுங்கள். ஆதாரங்களின் நகலையும் தேவையான கால அவகாசத்தையும் அதிலேயே கேளுங்கள். முன்பு சொன்ன 1966 பரிந்துரையின் 50ஆம் பத்தி, குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும், சான்றுகளைப் பார்க்கவும், தாம் விரும்பும் பிரதிநிதியின் துணையோடு தம் தரப்பைச் சொல்லவும், முடிவைக் காரணத்தோடு எழுத்தில் பெறவும், மேல்முறையீடு செய்யவும் ஆசிரியருக்கு உரிமை வேண்டும் என்கிறது. அந்த வரிசையையே உங்கள் பதிலுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் அவர் மாறாமல் போகலாம். நிர்வாகக் குழு அவர் பக்கமே நிற்கலாம். அப்படியொரு நிலையில் நீங்கள் பள்ளியை விட்டுப் போக முடிவு செய்தாலும் அதில் தோல்வி இல்லை. ஆனால் அப்போது கையில் இந்தக் கோப்பு இருந்தால், அனுபவச் சான்றிதழ், நிலுவை ஊதியம், பணிப்பதிவில் பாதகமான குறிப்பு இல்லாமை ஆகியவற்றைப் பேசி வாங்கிக்கொண்டு போக முடியும். தூக்கம் கெட்டிருந்தாலோ, காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடத்தாலோ மருத்துவரிடம் போங்கள். பணியிடத்தில் நடப்பதையும் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் உடல்நலத்துக்காகவே அதைச் சொல்கிறேன். மருத்துவக் குறிப்பில் அது இடம்பெறுவது பிறகு சான்றாகவும் உதவும்.

தொடக்கமாக ஒரு கடிதம் இன்றே போகட்டும். ராஜினாமா பற்றிய பேச்சு நடந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் அந்தப் பேச்சே நடக்கவில்லை என்று ஆகிவிடும். தேதியை மட்டும் சரியாக நிரப்பி, இப்படி அனுப்புங்கள்: ‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, கடந்த … அன்று தங்கள் அறையில் நடந்த உரையாடலில், நான் ராஜினாமா செய்வது நல்லது என்று தாங்கள் கூறியதாகப் புரிந்துகொண்டேன். பணியிலிருந்து விலகும் எண்ணம் எனக்கு இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தக் கருத்துக்கு என் பணியில் ஏதேனும் குறை காரணமாக இருந்தால், அதை எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.’